ஏழாம் எண்ணுக்கு மதிப்பெண் இல்லை

சரோஜாதேவி எதற்கும் பத்துக்கு ஒன்பது கொடுத்து யாரும் பார்த்ததில்லை. மேற்கு மாம்பலத்து வீட்டில் புதிதாக ஒரு குழம்பு வைத்தால், கணவர் சண்முகவேல் முதலில் மார்க்கைச் சொல்லச் சொல்வார். தெரிந்துவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பார். சரோஜாதேவி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து ஏழு என்பார். தானே வைத்த குழம்புக்கும் ஏழுதான்.

சரோஜாதேவியின் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்தவர். பாட்டுப் படிப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. சரோஜாதேவி பிடிவாதமாக இசைக் கல்லூரியில் சேர்ந்தார். படித்து முடித்தபோது தன்னுடைய குரல் மேடைக்கு ஆகாது என்பது அவருக்கே தெளிவாகத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட காதுதான் அவருக்குக் கடைசிவரை சோறு போட்டது. பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றார். மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் என்று எங்கே பாட்டுப் போட்டி நடந்தாலும் நடுவர் நாற்காலியில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மதிப்பெண் தாளில் கூட்டுத்தொகைக்கு உரிய கடைசிக் கட்டத்தை முதலிலேயே மடித்து மறைத்துவிடுவார். பாட்டுக் கேட்டதும் 'இதற்கு எழுபத்தைந்து' என்று மனதில் ஓர் எண் வந்துவிடும். பிறகு அந்த எண் வருகிற மாதிரி சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவது பல நடுவர்கள் செய்யும் வேலை. அது மதிப்பெண் அல்ல, பிடித்தது பிடிக்காததற்குப் போட்ட வேஷம் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு கட்டத்தையும் மற்றதைப் பார்க்காமல் போட வேண்டும். கூட்டினால் என்ன வருகிறதோ அதுதான் நம் தீர்ப்பு. நமக்கே அது ஆச்சரியமாக இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் பாடுகிறவருக்கு எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கையை இறுக்கித்தான் போடுவார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு மேலே இடம் விட வேண்டுமே என்று. அதையும் அவர் கவனித்துவைத்திருந்தார். எல்லாருக்கும் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே போடும் நடுவர் உண்மையில் தீர்ப்பே சொல்வதில்லை என்பதையும் கண்டிருந்தார். மூன்று பேரில் யார் அகலமாக மதிப்பெண்ணைப் பரப்புகிறாரோ அவர்தான் பரிசைத் தீர்மானிக்கிறார். அந்த நடுவர் பெரும்பாலும் தாமே என்பதால் அவருக்கு உள்ளூர ஒரு பயம் எப்போதும் உண்டு.

அடையாறில் ஒரு கலை மன்றம் நவம்பரில் போட்டி நடத்தியது. இடம் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த பழைய கூடம். இளைஞர்களுக்கான மெல்லிசை. முதலாவதாக வருகிறவருக்கு டிசம்பர் நிகழ்ச்சியில் தனியாக அரை மணி நேரம் மேடை. முந்தைய வருடம், நடுவர்கள் தங்கள் மாணவர்களுக்கே பரிசைக் கொடுத்துவிட்டார்கள் என்று பெற்றோர்கள் சண்டை போட்டிருந்தார்கள். அதனால் மன்றத்தின் செயலாளர் ராகேஷ், ஒரு வங்கி அதிகாரி, இந்த முறை மேடையின் குறுக்கே நீலத் திரை கட்டிவிட்டார். பாடுகிறவர் திரைக்குப் பின்னால் சுருதிப் பெட்டியோடு தனியாக உட்கார வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பேசக் கூடாது.

கூடவே ஒரு விதி. குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டால் நடுவர் கையை உயர்த்த வேண்டும். தன் தாளில் அந்த எண்ணுக்கு நேரே கோடு போட்டுவிட வேண்டும். மற்ற இருவரின் சராசரி அவருடைய இடத்தில் எழுதப்படும். சரோஜாதேவிக்கு இந்த விதி பிடித்திருந்தது. ஏழு கொடுக்கலாம் என்று சண்முகவேலிடம் காலையில் சொல்லிவிட்டு வந்தார்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அவருக்கு வலப்பக்கம் சங்கரன், மயிலாப்பூர்க்காரர், வயலின் வகுப்பு நடத்துகிறவர். இடப்பக்கம் பீர் முஹம்மது, கல்யாண வீடுகளிலும் மேடைகளிலும் மெல்லிசைக் குழு நடத்திய ராயப்பேட்டைக்காரர். எதிரே திரை. பாடுகிறவர் போய்விட்ட பிறகும் சுருதிப் பெட்டி அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்தவர் வந்து உட்காரும் வரை, யாரும் இல்லாத இடத்திலிருந்து அந்த ஒற்றை ஒலி வந்துகொண்டிருந்தது. முகம் இல்லாத பாட்டை வெகுநேரம் கேட்கக் கூடாதோ என்று இரண்டாவது எண்ணின்போதே அவருக்குத் தோன்றியது. கண்ணுக்கு வேலை இல்லாதபோது மனம் தானாக ஒரு முகத்தைப் போட்டுக்கொள்கிறது.

வேலை வழக்கம்போல் நடந்தது. ஒன்றாம் எண் சுருதிக் கட்டையை உயர்த்தி வைத்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் திணறியது. மூன்றாம் எண் கடினமான பாட்டை எடுத்து அதில் மூழ்கிப்போனது. பாடல் தேர்வுக்குப் பத்துதான், சுருதிக்கு முப்பது என்பதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. நான்காம் எண் எளிமையான ஒரு பாட்டைத் தன் குரலுக்கு ஏற்ற கட்டையில், சொல்லைப் பிளக்காமல், ஒரே ஓட்டத்தில் பாடியது. ஓரிடத்தில் அடி மறந்தது. ஆனால் நிற்காமல் பல்லவிக்குத் திரும்பிவிட்டது. தவறுவது கொஞ்சம்தான் குறைக்கும், தவறியதும் நிற்பதுதான் நிறையக் குறைக்கும். சரோஜாதேவி தொடையில் விரலால் தாளம் போட்டபடி கட்டங்களை நிரப்பினார்.

ராகேஷ் ஏழாம் எண் என்று அறிவித்தார்.

திரைக்குப் பின்னால் யாரோ உட்காரும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. பாட்டுக்கு முன்னால் எல்லாரும் மூச்சு வாங்குவார்கள். இந்த மூச்சின் நுனியில், தொண்டையில் ஏதோ லேசாகத் தட்டுவது போல ஒரு சத்தம் இருந்தது. சரோஜாதேவியின் பேனா நின்றது.

அந்தச் சத்தம் ஜெயஸ்ரீயுடையது.

ஜெயஸ்ரீ அவருடைய தங்கை. வீட்டுக்குள் மட்டும் பாடியவள். முப்பத்துநான்கு வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்துவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தங்கையின் குரலை நினைவில் வரவழைக்க முடியவில்லை என்பதைச் சரோஜாதேவி கண்டார். முகம் வந்தது, பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. அதை அவர் சண்முகவேலிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது அது திரைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. மேலே போகும்போது ஜெயஸ்ரீக்கு ஒரு குறை உண்டு. மேல் காந்தாரம் என்ற ஸ்வரம் ஒரு மயிரிழை இறங்கித்தான் முதலில் நிற்கும். பிறகு தானே ஏறிச் சேர்ந்துகொள்ளும். அக்கா எத்தனையோ முறை சொல்லியும் அது திருந்தவில்லை. சரணத்தில் அந்த இடம் வரப்போகிறது என்று சரோஜாதேவி காத்திருந்தார். இறங்காமல் நின்றால் இது வேறு யாரோ, தான் பிதற்றுகிறோம் என்று தெரிந்துவிடும்.

இறங்கியது. பிறகு ஏறிச் சேர்ந்துகொண்டது.

தன் கை சுருதிக் கட்டத்தில் ஏற்கெனவே இருபத்துநான்கு என்று எழுதியிருப்பதை அவர் பார்த்தார். அந்தக் குறைக்காகக் குறைக்கப்பட்ட மதிப்பெண். குறை வருவதற்கு முன்பே போட்டது. பாட்டின் உணர்ச்சியான பாவத்துக்கு நேரே இருபதுக்கு இருபது என்று இருந்தது. அவர் வாழ்க்கையில் எழுதாத எண் அது.

விதி மிகவும் எளிமையாக இருந்தது. குரல் தெரிந்தால் கையை உயர்த்த வேண்டும். யாருடைய குரல் என்று அதில் சொல்லவில்லை, உயிரோடு இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் எழுதியவற்றின் குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

பிறகுதான் கவனித்தார். சங்கரனின் கை முன்பே உயர்ந்திருந்தது. இடப்பக்கம் பீர் முஹம்மதுவின் கையும்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இனி அதற்கு மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

ராகேஷ் தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டு மூவரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அவருக்கு வேர்த்திருந்தது. மூன்று நடுவருக்கும் தெரிந்த பெண் போட்டிக்குள் வந்திருக்கிறாள் என்றால் போன வருடத்தைவிட மோசமான சண்டை வரும் என்றார். யார் அவள், யாருடைய மாணவி என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

பீர் முஹம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அஃப்சர் குரல் சார் அது. என் வீட்டுக்காரி. எங்க குழுவுல இருபது வருஷம் பாடினா. கொரோனால போய்ட்டா."

ராகேஷ் சிரிக்கலாமா என்று தெரியாமல் சரோஜாதேவியைப் பார்த்தார். சரோஜாதேவி, அது தன் தங்கையின் குரல் என்று சொன்னார். செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது என்றும் சொன்னார்.

"நீங்க சார்?" என்று ராகேஷ் சங்கரனைக் கேட்டார்.

"தெரிஞ்ச குரல்" என்றார் சங்கரன். "அதுக்கு மேல கேக்காதேங்கோ. கேட்டுண்டு உக்கார முடியலை, அவ்வளவுதான்."

ராகேஷ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

கதவைத் தட்டாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள். கல்லூரி மாணவி, ஒல்லியானவள், துப்பட்டா நனைந்திருந்தது. பெயர் பூஜா. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வருகிறாள். மூவரில் யாரும் அவளை அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"இன்னா சார், எனக்கு மட்டும் மார்க் இல்லன்னு வெளிய பேசிக்கிறாங்க. நான் யாருக்கும் சொந்தம் இல்ல. எங்க நைனாவ வேணா கேட்டுக்கோங்க, கட்டுமரத்துலருந்து இப்பதான் வந்து நிக்கிறாரு."

அவளுடைய பேச்சுக் குரலில் எதுவும் இல்லை. சற்றுக் கரகரப்பான சாதாரணக் குரல். சரோஜாதேவி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ராகேஷ் தட்டுத்தடுமாறி, நடுவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, மறுபடி பாட வாய்ப்புக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம் என்றார். அவள் முகம் தெளிந்தது. மறுபடி பாடுவது நல்லதுதான் என்றாள். சரணத்தில் தனக்கு ஓரிடம் சறுக்கிவிட்டது என்று அவளே சொன்னாள்.

"மேல போறப்ப பக்கத்துல யாரோ மூச்சு வாங்குனா மாதிரி கேட்டுச்சு. பொட்டி சவுண்டுன்னு நெனச்சி திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. அதுல சுருதி எறங்கிடுச்சு."

பீர் முஹம்மது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

முதல் பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, எல்லாரும் முடித்த பிறகு கடைசியாக அவள் மீண்டும் பாடட்டும் என்று முடிவாயிற்று. மற்றவர்களுக்கு ஒரு வாய்ப்பு, இவளுக்கு இரண்டு என்பது சரியல்ல என்று சரோஜாதேவி சொன்னார். தொண்டை சூடாகியிருக்கும், தவறு எங்கே என்று தெரிந்திருக்கும். கடைசியாகப் பாடுகிறவர் நடுவர் காதில் புதிதாக இருப்பார், கையும் தாராளமாகிவிடும். அதனால் முன்னே பாடியவரோடு ஒப்பிடாமல், கட்டத்துக்குக் கட்டம் என்ன கேட்கிறதோ அதற்கு மட்டும் போட வேண்டும். மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இனி ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. திரை இருக்க வேண்டுமா, எடுத்துவிடுவதா?

"இருக்கட்டும்" என்றார் பீர் முஹம்மது உடனே. "எல்லாரும் திரைக்குப் பின்னாலதான பாடினாங்க. அவளுக்கு மட்டும் ஏன் வேற மாதிரி? அதுதான நியாயம்?"

நியாயம்தான். சரோஜாதேவியும் அதையே சொல்ல வாயெடுத்திருந்தார். அவர் நாற்பது வருடமாக நம்பிய எல்லாமே அந்தப் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லத் தன் நாக்கு எவ்வளவு ஆசைப்படுகிறது என்பதை அவர் கண்டார். திரை இருந்தால் அந்த மூச்சு மறுபடி கேட்கும். ஒரு முறை, நான்கு நிமிடம். அதன் பிறகு என்ன ஆனாலும் பரவாயில்லை. வெளியே நனைந்த துப்பட்டாவோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மறுபடியும் மூன்று கோடுகள் விழும், அல்லது செத்துப்போனவளுக்குப் போடும் மதிப்பெண் விழும். இரண்டில் எது விழுந்தாலும் அது பூஜாவுக்கு இல்லை. சரியான வாதம் தவறான ஆசையிலிருந்து வருவதை எந்தத் தாளிலும் எந்தக் கட்டத்திலும் குறிக்க முடியாது.

சங்கரன் தலை குனிந்திருந்தார். எதையும் தான் சொல்லப்போவதில்லை என்று காட்டுவது போல.

"எடுத்துருங்க" என்றார் சரோஜாதேவி.

பீர் முஹம்மது அவரைப் பார்த்தார். "அக்கா, ஒரு தடவைதான."

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன் பாய்."

மற்ற எண்கள் முடிந்தன. ராகேஷே ஏணியில் ஏறித் திரையை அவிழ்த்தார். அதற்குப் பின்னால் ஒரு பாய், ஒரு சுருதிப் பெட்டி, தண்ணீர் பாட்டில். எல்லாரும் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார்கள். பூஜா வந்து பாயில் உட்கார்ந்தாள். நான்காம் எண்ணில் பாடியவரின் அப்பா எழுந்து இது என்ன புது வழக்கம் என்று கேட்டார். ராகேஷ் அவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பூஜா மூச்சு வாங்கினாள். மூச்சு மட்டும்தான் கேட்டது.

அதே பாட்டு, அதே கட்டை. நல்ல குரல். கடற்கரைக் காற்றில் கத்திப் பேசி வளர்ந்த உறுதி அதில் இருந்தது. சரணத்தில் மேல் காந்தாரம் வந்தபோது சரோஜாதேவியின் விரல்கள் தொடையில் அசையாமல் நின்றன. பூஜா அங்கே நேராகப் போய், கம்பி மீட்டியது போல நின்றாள். மயிரிழைகூட இறங்கவில்லை. அதைச் சரியாகப் பிடித்த சந்தோஷத்தில் அடுத்த அடியை ஓட்டினாள், தாளம் முன்னே போயிற்று. அவள் முகம் முழுவதும் கவனமாக இருந்தது. தவறக் கூடாது என்ற கவனம்.

சுருதிக்கு இருபத்தாறு போட்டார், அன்றைக்கு அவர் போட்டதிலேயே அதிகம். தாளத்துக்குப் பதிமூன்று. உச்சரிப்பு பதினைந்து. பாவத்துக்கு வந்தபோது பேனா சற்றே நின்றது. பதிமூன்று என்று எழுதினார். மடித்த மடிப்பைத் திறக்காமலே தாளை ராகேஷிடம் கொடுத்தார்.

நான்காம் எண் முதலாவதாக வந்தது. பூஜா இரண்டாவது. டிசம்பர் மேடை முதலாமவருக்கு மட்டும்தான்.

அவள் நேரே சரோஜாதேவியிடம் வந்தாள். அழவில்லை. எங்கே விட்டேன் என்று மட்டும் கேட்டாள். சரணத்தில் ஓடியதைச் சரோஜாதேவி சொன்னார். மேல் ஸ்வரத்தைப் பிடித்ததும் அங்கேயே அரை நொடி நிம்மதியாக இருக்க வேண்டும், பிடித்துவிட்டோம் என்று ஓடக் கூடாது. கையில் தாளம் போடும்போது பாடகர் ஓடினால் கையும் கூடவே ஓடும், அதனால் காலில் போட்டுப் பழக வேண்டும். ஒரு சொல்லின் நடுவே மூச்சு எடுத்ததையும் சொன்னார். 'ழ' வருகிற இடமெல்லாம் 'ள' ஆகிவிட்டது என்றார்.

"அது எங்க ஏரியால யாருக்குமே வராது மேடம்" என்றாள் பூஜா. "மார்க் பாவத்துலயும் கம்மியா இருக்குதாமே?"

"ஆமா."

"மொத தடவை பாடுனது நல்லா இருந்துச்சா?"

உண்மையைச் சொன்னால் அது அவளுக்குப் பாராட்டாகுமா என்று சரோஜாதேவிக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டில் அவள் பங்கு எவ்வளவு என்பதும் தெரியவில்லை.

"அதுக்கு நான் மார்க் போடல" என்றார் கடைசியில்.

"தெரியும். போட்டிருந்தா?"

"போடக் கூடாதுன்னுதான் கையத் தூக்கினேன்மா."

பூஜா அவர் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த வருடம் வருவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் குடையோடு நின்ற அப்பாவிடம் போனாள். இரண்டாவது என்று அவள் சொல்ல, அவர் அவள் தலையில் லேசாகத் தட்டியது தெரிந்தது.

கூடம் காலியாயிற்று. ராகேஷ் பூட்டுச் சாவியோடு வந்து பார்த்தபோது மூன்று நடுவர்களும் தங்கள் நாற்காலிகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பரிசு கொடுத்த நேரத்தில் யாரோ நீலத் திரையை மறுபடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். யார் என்று ராகேஷ் கேட்கவில்லை. பீர் முஹம்மதுவின் சட்டையில் ஏணித் தூசி இருந்தது. சங்கரன் கண்ணை மூடியிருந்தார். திரைக்குப் பின்னால் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

சரோஜாதேவியும் காத்திருந்தார், அதை மறைத்துப் பயனில்லை. ஒரு மூச்சுக்காக, அதன் நுனியில் ஒரு தட்டலுக்காக. மழை குறைந்துவிட்டது. வெளியே ஒரு ஆட்டோ நின்று போயிற்று. பெட்டியின் ஒலி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கேட்கக் கேட்க அதற்குள் ஏதோ இருப்பது போலவே இருந்தது. இப்படியே உட்கார்ந்தால் கட்டாயம் கேட்கும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. தன் காதைப் பற்றி அவருக்கு அப்படிப் பயம் வந்தது அதுதான் முதல் தடவை.

எழுந்தார். "அக்கா" என்றார் பீர் முஹம்மது மெதுவாக. சரோஜாதேவி மேடையில் ஏறித் திரையை விலக்கி உள்ளே போனார். பாயில் யாரும் இல்லை. குனிந்து பெட்டியை நிறுத்தினார்.